பங்குதாரர் ஒப்பந்தத்தைச் சுருக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறுபான்மை முதலீட்டாளருக்காக ஒப்பந்தத்தைச் சுருக்கித் தரச் சொன்னால், புதிதாக வந்தவர்கள் அநேகமாக ஒரே மாதிரி அட்டவணையைத்தான் கொண்டுவருகிறார்கள். டேக்-அலாங் உண்டு, டிராக்-அலாங் உண்டு, ப்ரீ-எம்ப்ஷன் உண்டு, போர்டு சீட் ஒன்று. நான்குமே சரிதான், ஆனால் அதை வைத்துக்கொண்டு முதலீட்டாளரால் ஒரு முடிவும் எடுக்க முடியாது. எழுத்துப்பிழை, தேதிப்பிழையை யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். இங்கே சொல்வது, படிக்கும்போது சரியாகத் தோன்றி, பங்கு கைமாறும் நாளில் பணத்தைக் கரைக்கும் தவறுகளை.

கணக்குக்கு ஒரு கம்பெனியை வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,00,000 பங்குகள். கம்பெனியைத் தொடங்கி நடத்தும் ப்ரமோட்டரிடம் 60,000. நம் முதலீட்டாளர் 15 கோடி ரூபாய் போட்டு 15,000 சிசிபிஎஸ் வாங்கியிருக்கிறார், அதாவது பின்னால் கட்டாயம் ஈக்விட்டியாக மாறும் முன்னுரிமைப் பங்குகள். ஒன்றுக்கு ஒன்று மாறும். மீதி மற்றவர்களிடம்.

டேக்-அலாங்கை ‘விகிதாசாரப்படி உண்டு’ என்று முடித்துவிடுவது

இன்றும் எரிச்சலூட்டுவது இந்த ஒரு வரிதான். ப்ரமோட்டர் விற்கும்போது அதே ஆளுக்கு, அதே விலைக்கு நாமும் விற்றுக்கொள்ளலாம் என்பது டேக்-அலாங். எத்தனை பங்கு விற்கலாம் என்பதுதான் அதன் உயிர். ‘விகிதாசாரம்’ என்ற சொல் அதற்குப் பதில் சொல்லாது.

ப்ரமோட்டர் 30,000 பங்குகளை, பங்கு 12,000 ரூபாய்க்கு விற்கிறார் என்று கொள்ளுங்கள். ஒரு கிளாஸில், அதாவது ஒப்பந்தப் பிரிவில், ப்ரமோட்டர் தன் கையிருப்பில் எத்தனை சதவீதம் விற்கிறாரோ அதே சதவீதம் முதலீட்டாளரும் விற்கலாம் என்று இருக்கும். அவர் பாதியை விற்கிறார், ஆகவே நமக்கு 7,500 பங்கு, 9 கோடி ரூபாய். இன்னொரு கிளாஸில், வாங்குபவர் கேட்ட 30,000 பங்கை இருவரும் தங்கள் கையிருப்பின்படி பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று இருக்கும். இருவரிடமும் சேர்த்து 75,000, அதில் நம்முடையது ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே 6,000 பங்கு, 7.2 கோடி. மூன்றாவதாக, இந்த விற்பனையால் ப்ரமோட்டரின் பங்கு 60 சதவீதத்திலிருந்து 30-க்கு இறங்குகிறது. கட்டுப்பாடு கைமாறினால் முழு டேக் என்று தனி உட்பிரிவு இருந்தால், 15,000 பங்கையும் விற்று 18 கோடியோடு வெளியேறலாம். அந்த உட்பிரிவு பெரும்பாலும் இரண்டு பக்கம் தள்ளி இருக்கும். முதல் பத்தியோடு நிறுத்தியவர் கண்ணில் படாது.

வாங்குபவர் 30,000-க்கு மேல் ஒன்றுகூட வேண்டாம் என்றால் யாருடைய பங்கு குறையும் என்பதையும் எழுத வேண்டும். முதல் வகைக் கிளாஸில் இருவருக்கும் சமவிகிதத்தில் வெட்டு விழுந்தால் நமக்கு 6,000. வெட்டு முழுக்க முதலீட்டாளர் தலையில் என்றால் பூஜ்யம். டேக் பங்குகளை வாங்க மறுத்தால் ப்ரமோட்டரும் விற்கக்கூடாது என்ற தடை இருக்கிறதா என்பதும் அதே வரியில் வர வேண்டும். அந்தத் தடை இல்லையென்றால் வாங்குபவரின் ஒரு மறுப்பிலேயே உரிமை காலி.

இதற்கப்புறம் டெஃபினிஷன் பக்கத்துக்குப் போக வேண்டும். ‘ப்ரமோட்டர்’ என்பதில் அவருடைய குடும்ப ஹோல்டிங் கம்பெனி வருகிறதா? ‘டிரான்ஸ்ஃபர்’ என்பது மறைமுகக் கைமாற்றத்தையும் பிடிக்கிறதா? 60,000 பங்கும் அந்த ஹோல்டிங் கம்பெனியின் பெயரில் இருந்து, ப்ரமோட்டர் ஹோல்டிங் கம்பெனியையே விற்றுவிட்டால், நம் கம்பெனியின் பங்குப் பதிவேட்டில் ஒரு எழுத்தும் மாறாது. டெஃபினிஷன் அதைப் பிடிக்கவில்லையென்றால் டேக்-அலாங் விழித்துக்கொள்ளவே செய்யாது. விலக்குகளையும் பாருங்கள். குழும நிறுவனத்துக்கு மாற்றுவதற்கு டேக் கிடையாது என்று இருந்தால், அந்த நிறுவனம் பிறகு குழுமத்தை விட்டு வெளியேறும்போது பங்கு திரும்பி வர வேண்டும் என்ற வரி இருக்கிறதா? டேக் கிளம்ப ஒரு குறைந்தபட்ச அளவு இருந்தால், சிறு சிறு விற்பனைகளைக் கூட்டிப் பார்க்கிறார்களா, ஒவ்வொன்றையும் தனியாகப் பார்க்கிறார்களா?

சுருக்கத்தில் இது ஒரு பத்தி ஆகும். ஆகட்டும்.

டிராக்-அலாங்கில் ‘அதே விலை’யை நல்ல செய்தியாக எழுதுவது

டிராக் என்பது நம்மையும் விற்க வைக்கும் உரிமை. யார் இழுக்கலாம், எப்போதிலிருந்து, குறைந்தபட்ச விலை உண்டா என்று மூன்றையும் எழுதிவிடுகிறார்கள். ‘ப்ரமோட்டருக்குக் கிடைக்கும் அதே விலை’ என்பதைப் பாதுகாப்பு என்று குறிக்கிறார்கள். அங்கேதான் தவறு. கம்பெனி மொத்தமாக 60 கோடிக்கு விற்கப்பட்டால், எல்லோருக்கும் ஒரே விலை என்றால் நம் 15 சதவீதத்துக்கு 9 கோடி. லிக்விடேஷன் ப்ரிஃபரன்ஸ் கிளாஸ் போட்ட பணத்தை முதலில் திருப்பித் தரச் சொன்னால் 15 கோடி. இரண்டு கிளாஸும் ஒரே ஒப்பந்தத்தில் இருக்கும். டிராக் விற்பனையில் எது மேலோங்கும் என்று சொல்லாத சுருக்கத்தில் 6 கோடி ரூபாய்க் கேள்வி திறந்தே கிடக்கிறது. ஒப்பந்தமே தெளிவாகச் சொல்லவில்லையென்றால், ‘தெளிவில்லை’ என்று எழுதுங்கள். ஊகித்து நிரப்பாதீர்கள்.

இழுக்கப்படுபவர் வாங்குபவருக்கு என்ன உத்தரவாதம் தர வேண்டும் என்பதையும் சேருங்கள். தன் பங்கின் உரிமைக்கு மட்டும் என்றால் சரி. கம்பெனியின் வரி பாக்கிக்கும் சேர்த்து என்றால் முதலீட்டாளர் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

ப்ரீ-எம்ப்ஷனையும் பழைய பங்கு மீதான முதல் உரிமையையும் ஒன்றாக்குவது

கம்பெனி புதிதாகப் பங்கு வெளியிடும்போது நம் சதவீதத்தைக் காத்துக்கொள்ள வாங்குவது ஒன்று. ப்ரமோட்டர் தன் பங்கை விற்கும்போது நமக்கு முதலில் காட்ட வேண்டும் என்பது வேறொன்று. இரண்டுக்கும் தனி வரி, தனி நாள் கணக்கு.

‘சட்டத்திலேயே இருக்கிறதே’ என்று முதலாவதைச் சுருக்கிவிடக்கூடாது. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 62-வது பிரிவு அந்த உரிமையை ஈக்விட்டி வைத்திருப்பவர்களுக்குத் தருகிறது. நம்மிடம் இருப்பது சிசிபிஎஸ். மேலும், சிறப்புத் தீர்மானம் போட்டு வெளியாளுக்கே நேராகப் பங்கு கொடுக்கவும் அதே பிரிவு வழி விடுகிறது. விழுந்த வாக்கில் 75 சதவீதம் இருந்தால் அது நிறைவேறும். 15 சதவீதக்காரரால் தனியாகத் தடுக்க முடியாது. ஆகவே சிசிபிஎஸ்ஸை மாற்றியதாகக் கொண்டு ஒப்பந்தம் சதவீதம் கணக்கிடுகிறதா என்பதே முதல் கேள்வி.

திருத்த ஒப்பந்தத்தைக் கேட்காமல் தொடங்குவது

தொடங்காதீர்கள்.

போர்டு சீட்டை எண்ணிக்கையாக எழுதுவது

‘ஒரு டைரக்டர்’ என்பதற்குப் பக்கத்தில், எந்த சதவீதத்துக்குக் கீழே போனால் சீட் பறிபோகும் என்று இருக்க வேண்டும். வரம்பு 10 சதவீதம் என்றும், அடுத்த சுற்றில் 60,000 புதுப் பங்கு வருகிறது என்றும் வையுங்கள். நாம் வாங்காவிட்டால் 1,60,000-ல் 15,000, அதாவது 9.4 சதவீதம். ஒரு பங்கும் விற்காமலேயே சீட் போய்விட்டது.

அடுத்தது கோரம், அதாவது கூட்டம் செல்ல வேண்டுமானால் யார், எத்தனை பேர் வந்திருக்க வேண்டும் என்பது. முதலீட்டாளரின் டைரக்டர் இல்லாமல் கூட்டம் கூடாது என்று ஒரு வரி இருக்கும். ஒத்திவைத்த கூட்டத்தில் வந்தவர்களே போதும் என்று அடுத்த வரி இருக்கும். இரண்டாவதை விட்டால் சுருக்கம் பொய்யாகிவிடும். நம் ஒப்புதல் கட்டாயம் என்ற விஷயங்களை அந்த ஒத்திவைத்த கூட்டத்தில் எடுக்கலாமா என்பதைத் தேடிப் பிடித்து எழுதுங்கள்.

ஆர்ட்டிகிள்ஸைத் திறக்காமல் விடுவது

வி.பி. ரங்கராஜ் வழக்கு தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் போனது. ஒரு குடும்பக் கம்பெனியில் பங்கை விற்பதானால் முதலில் தன் கிளையாருக்கே என்று வாய்மொழி ஏற்பாடு. ஒருவர் மற்றக் கிளைக்கு விற்றுவிட்டார். கம்பெனியின் உள்விதிகளான ஆர்ட்டிகிள்ஸில் இல்லாத கட்டுப்பாடு கம்பெனியையோ பங்குதாரர்களையோ கட்டாது என்று தீர்ப்பு வந்தது. பிற்பாடு நீதிமன்றங்களில் இதற்கு மாற்றுக் கருத்துகளும் எழுந்தன. ஆனாலும் அந்த வாதத்துக்கு இடம் வைக்காமல் இருப்பதே முதலீட்டாளருக்கு நல்லது. நான்கு உரிமைகளுக்கும் எதிரே ஒப்பந்தக் கிளாஸ் எண், ஆர்ட்டிகிள்ஸ் எண் என்று இரண்டு கட்டம் போடுங்கள். இரண்டாவது கட்டம் காலியாக இருந்தால் அதைச் சுருக்கத்தின் முதல் பக்கத்திலேயே சொல்லுங்கள், சிறப்புத் தீர்மானம் போட்டு ஆர்ட்டிகிள்ஸைத் திருத்தச் சொல்லி முதலீட்டாளர் கேட்பதற்கு அப்போதுதான் நேரம் இருக்கும்.