பிரஷரை ஒரே மூச்சில் இறக்காதீர்கள்

62 வயதுப் பெரியவர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடமாக பிரஷர் உண்டு, மாத்திரையை நிறுத்தி நாலு மாதம் ஆகிறது. பல் பிடுங்கப் போன இடத்தில் பார்த்தால் 230/120. தலைவலி இல்லை, நெஞ்சுவலி இல்லை, மூச்சு வாங்கவில்லை, நன்றாகப் பேசிக்கொண்டிருக்கிறார். ஆனால் எண்ணைப் பார்த்தவர்கள் பதறிப்போகிறார்கள். நிஃபெடிபின் கேப்சூலை ஊசியால் குத்தி, உள்ளே இருக்கும் மஞ்சள் திரவத்தை நாக்குக்கு அடியில் பிழிகிறார்கள். அரை மணி நேரத்தில் 120/70. அப்பாடா என்று எல்லோரும் மூச்சு விடும்போது அவருக்கு நாக்குக் குழறுகிறது, கையில் கொடுத்த டம்ளர் நழுவுகிறது.

120/70 நல்ல அளவுதானே, அதில் எப்படிப் பக்கவாதம் வரும்?

மூளைக்குப் போகும் ரத்தம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 750 மில்லி. பிரஷர் ஏறினாலும் இறங்கினாலும் இந்த அளவு பெரிதாக மாறாதபடி மூளையின் சிறு தமனிகள் பார்த்துக்கொள்கின்றன. அழுத்தம் கூடினால் அவற்றின் சுவரிலுள்ள தசை இறுகிக் குழாய் குறுகும். குறைந்தால் தசை தளர்ந்து குழாய் விரியும். ஆனால் விரிவதற்கும் ஓர் எல்லை உண்டு. முழுதாக விரிந்த பிறகும் பிரஷர் இறங்கினால், அதோடு சேர்ந்து ரத்த ஓட்டமும் இறங்கத் தொடங்கும்.

முதல் தவறு, அந்த எல்லை எல்லோருக்கும் ஒன்றுதான் என்று எண்ணுவது. மூளை இப்படிச் சமாளிக்கும் வரம்பு, மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் சேர்த்துக் கணக்கிடும் சராசரி அழுத்தத்தில் 60 முதல் 150 வரை என்று பாடப்புத்தகத்தில் போட்டிருக்கும். ஆண்டுக்கணக்கில் உயர் அழுத்தத்தில் இருந்தவரின் தமனிச் சுவர் தடித்துப்போயிருக்கும். அதிக அழுத்தத்தைத் தாங்க அது உதவும். ஆனால் தேவைப்படும்போது பழையபடி விரிந்து கொடுக்காது. 1976-ல் டென்மார்க் மருத்துவ ஆய்வாளர் ஸ்ட்ராண்ட்கார்ட் வெளியிட்ட அளவீடுகளில், கீழ் எல்லை சாதாரண ஆட்களுக்குச் சராசரியாக 73, கட்டுப்படாத கடும் பிரஷர் உள்ளவர்களுக்கு 113.

நம் பெரியவருக்குக் கணக்குப் போடுவோம். மேல் எண்ணிலிருந்து கீழ் எண்ணைக் கழித்து, அதில் மூன்றில் ஒரு பங்கைக் கீழ் எண்ணோடு கூட்டினால் சராசரி அழுத்தம். வந்தபோது 157. கேப்சூலுக்குப் பிறகு 87. உங்களுக்கும் எனக்கும் 87 சுகமான அளவு. அவருக்கு அது எல்லைக்கு வெகு கீழே. எல்லையைத் தாண்டிய எல்லோருக்கும் பக்கவாதம் வந்துவிடாது. குறைந்து வரும் ரத்தத்திலிருந்து ஆக்சிஜனைக் கூடுதலாக உறிஞ்சி மூளை கொஞ்சம் சமாளிக்கும். கழுத்துத் தமனியில் ஏற்கெனவே அடைப்பு இருந்தால் அந்தச் சமாளிப்பும் போதாது. இரண்டு பெரிய தமனிகளின் பாசனம் முடியும் ஓரப்பகுதிகள், கடைமடை வயல் மாதிரி, முதலில் காயும்.

அப்படியானால் என்ன செய்திருக்க வேண்டும்? அறிகுறி ஏதும் இல்லாததால் அமைதியான அறையில் உட்காரவைத்து, சரியான அளவுப் பட்டை கட்டி மறுபடி பார்த்து, நிறுத்திய மாத்திரையைத் திரும்பத் தொடங்கி, சில நாளில் வரச்சொல்லியிருந்தால் போதும். பார்வை மங்கல், குழப்பம், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி இருந்தால் அது அவசர நிலை. அங்கேயும், மகாதமனி கிழிசல் போன்ற சில நோய்களைத் தவிர, முதல் ஒரு மணி நேரத்தில் சராசரி அழுத்தத்தை 25 சதவீதத்துக்கு மேல் இறக்குவதில்லை. இவருடைய கணக்கில் அது 118. அதையும் டிரிப்பில், அளவைக் கூட்டிக் குறைக்கக்கூடிய மருந்தால் செய்வார்கள். பிழிந்துவிட்ட கேப்சூலைத் திரும்ப எடுக்க முடியாது. எவ்வளவு இறக்கும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது.

இரண்டாவது தவறு வீட்டில் நடப்பது. வாய் கோணி, கை விழுந்தவருக்கு பிரஷர் 190 என்று பார்த்ததும் இரண்டு மாத்திரையை வாயில் போடுவது. பக்கவாதம் மூளைத் தமனி அடைப்பால் வந்திருந்தால், பாதித்த பகுதியில் தமனிகளின் இந்தச் சரிக்கட்டும் திறனே செயலிழந்திருக்கும். அங்கே அழுத்தம் எவ்வளவோ அவ்வளவுதான் ஓட்டம். அதனால்தான் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடாத அடைப்பு நோயாளிக்கு, வேறு அவசரக் காரணம் இல்லையென்றால், ஆரம்பத்தில் 220/120 வரை மருத்துவர்கள் பொறுத்திருப்பார்கள். ஊசி போடுவதென்றால் 185/110-க்குக் கீழே கொண்டுவருவார்கள். ரத்தக்கசிவு என்றால் கணக்கே வேறு. எது என்று ஸ்கேன்தான் சொல்லும். அதுவரை வாயில் எதுவும் கொடுக்காமல், ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோங்கள்.

இன்னொன்று. மாத்திரை தொடங்கிய முதல் வாரங்களில், “140-தான் இருக்கு, ஆனா எழுந்தா கிறுகிறுன்னு வருது டாக்டர்” என்பார்கள். சிலர் தாங்களாகவே மாத்திரையை நிறுத்தியும்விடுவார்கள். அவர்கள் சொல்வது உண்மை. பிரஷர் இறங்கிய வேகத்துக்கு மூளையின் எல்லை இன்னும் இறங்கியிருக்காது. அப்போது மருத்துவரிடம் சொல்லி அளவைக் குறைத்து மெதுவாக ஏற்றிக்கொள்ள வேண்டும். அதே 1976 அளவீடுகளில், முன்பு கடும் பிரஷர் இருந்து சிகிச்சையில் கட்டுப்பட்டவர்களுக்கு அந்தக் கீழ் எல்லை 96-ல் இருந்தது.