டீப் ஃப்ரீசரில் பனி கட்டினால் கத்தியை எடுக்காதீர்கள்

மூடியை மேலே தூக்கித் திறக்கும் டீப் ஃப்ரீசர் பலவற்றில் குளிர்விக்கும் குழாய்கள் உள்சுவருக்குப் பின்னால் ஒட்டியே ஓடுகின்றன. சுவரில் படிந்த பனியைக் கத்தியாலோ ஸ்க்ரூடிரைவராலோ குத்தினால் முனை குழாயில் இறங்கிவிடும். 'உஸ்' என்று சத்தம் வந்தால் கேஸ் போய்விட்டது என்று அர்த்தம். குழாய் சுவரோடு சேர்ந்திருப்பதால் அதைச் சரிசெய்வது கடினம், பெட்டியே வீணாகலாம். பின்பக்க லேபிளில் R600a என்று இருந்தால் அந்த கேஸ் தீப்பற்றக்கூடியது. ஹேர் டிரையர் வேண்டாம் என்பதற்கு அதுவும் ஒரு காரணம், ஈரத்தில் கரன்ட் அடிக்கும் என்பது இன்னொன்று.

பனி அரை சென்டிமீட்டரைத் தாண்டியதுமே கரைத்துவிடுவது நல்லது. பனி ஒரு போர்வைபோல மூடிக்கொள்வதால் சுவரின் குளிர் உள்ளே வராது, கம்ப்ரசர் ஓயாமல் ஓடும்.

அடுத்த தவறு, சாமானை வெளியே வைத்துவிட்டு அப்புறம் இடம் தேடுவது. பாதி நிறைந்த 200 லிட்டர் பெட்டி என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் இரவே குளிரை உச்சத்தில் வைத்து எல்லாவற்றையும் கல்லாக உறைய விடுங்கள். காலையில் மீன் கடைக்காரர்கள் வைத்திருக்கும் மாதிரி தெர்மாகோல் பெட்டியில் இடைவெளி விடாமல் அடுக்குங்கள். இறைச்சியும் மீனும் அடியில் இருக்கட்டும். மேலே செய்தித்தாளும் கனமான போர்வையும் போட்டு நிழலில் வையுங்கள். வேலை முடியும்வரை திறக்காதீர்கள்.

இப்போது பிளக்கைப் பிடுங்குங்கள், ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. அடியிலுள்ள வடிகால் மூடியைத் திறந்து தட்டு வையுங்கள். உள்ளே துணி விரித்து, அகலமான பாத்திரத்தில் சுடுதண்ணீர் வைத்து மூடியைச் சாத்துங்கள். கால் மணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றினால் பனி சுவரிலிருந்து தானாகப் பிடிவிடும். அப்போது பிளாஸ்டிக் கரண்டியால் பலகையாகவே எடுக்கலாம். கொதிநீரைச் சுவரில் நேராக ஊற்றினால் பிளாஸ்டிக் வெடிக்கும்.

துடைத்து நன்றாகக் காய்ந்த பிறகே ஸ்விட்ச் போடுங்கள். ஈரம் மிச்சமிருந்தால் அதுவே முதல் பனியாகிவிடும். பலர் அவசரப்படுவது இங்கேதான்: மைனஸ் 18 டிகிரிக்கு இறங்கும்வரை, அதாவது சில மணி நேரம், சாமானை அடுக்கக் கூடாது. அதுவரை தெர்மாகோல் பெட்டியே போதும்.

திரும்ப அடுக்கும்போது ஒவ்வொன்றையும் தொட்டுப் பாருங்கள். நடுவில் பனித்துகள் இருந்தாலோ, ஃப்ரிட்ஜில் வைத்ததுபோல் சில்லென்று 5 டிகிரிக்குள் இருந்தாலோ மீண்டும் உறைய வைக்கலாம். ருசி கொஞ்சம் குறையும். இளஞ்சூடாகிவிட்ட மீன், இறைச்சியைக் கொட்டிவிடுங்கள். உருகிய ஐஸ்கிரீமையும் திரும்ப உறைய வைக்காதீர்கள்.

சில வாரத்திலேயே பனி திரும்பினால் மூடியின் ரப்பரைப் பாருங்கள். ஒரு தாளை இடையில் வைத்து மூடி இழுங்கள். எங்கே லேசாக வழுக்கி வருகிறதோ அங்கேதான் ஈரக்காற்று நுழைகிறது.