ஸ்டோர் கீப்பர் ஏன் நிலைக்கவில்லை?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆளெடுப்பது என் வேலை. ஸ்டோர் கீப்பர் இரண்டு பேர் அடுத்தடுத்து நின்றுவிட்டார்கள். விளம்பரம் பழையதுதான்: பி.காம்., டேலி தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது விளம்பரத்துக்கு முன் மூன்று நாள் ஸ்டோரிலேயே உட்கார்ந்து, கால் மணிக்கு ஒருமுறை என்ன வேலை நடக்கிறது என்று எழுதினேன். டேலிக்குப் போனது ஒரு மணி நேரம்தான். மீதிப் பொழுது சாயப்பட்டறையிலிருந்து வரும் துணி ரோல்களை எடை போட்டு, லாட் வாரியாக, அதாவது ஒன்றாகச் சாயமேற்றிய தொகுதி வாரியாகப் பிரித்து, கட்டிங்குக்குக் கொடுப்பதில் போனது.

கட்டிங் மாஸ்டரிடம் “ஸ்டோர் கீப்பர் நல்லவரா?” என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் “பரவாயில்லை” என்றுதான் பதில் வரும். “கடைசியாக எப்போது சிக்கலானது?” என்றேன்.

“ரெண்டு லாட் கலந்துபோச்சு சார். உடம்பு ஒரு நீலம், கை ஒரு நீலம்.”

நான் உட்கார்ந்தது மாத நடுவில். அதனால் ஷிப்மென்ட் வாரத்தில் இன்னொரு நாள் போனேன். இரவு ஒன்பதுக்கும் லாரி வந்தது. அதை நாங்கள் யாரிடமும் சொன்னதே இல்லை!

புது விளம்பரத்தில் பி.காம். இல்லை. லாட் பிரித்த அனுபவமும் இரவு நேரமும் இருந்தன. நேர்காணலில் நான்கு நீலத் துண்டுகளைக் கொடுத்துப் பிரிக்கச் சொன்னோம்.