படத்தைப் பெரிதாக்கும்போது செய்யும் தவறுகள்: நியரஸ்ட், பைலீனியர், பைக்யூபிக்

பிரிண்டிங் கடைக்கு டிசைன் வேலை பழக வரும் பிள்ளைகளிடம் ஒரு பழக்கத்தைப் பார்க்கிறேன். படத்தின் அளவை மாற்றும்போது அகலம், உயரம், டிபிஐ எல்லாம் கவனமாகப் போடுவார்கள். அதற்குக் கீழே, நியரஸ்ட், பைலீனியர், பைக்யூபிக் என்று பெரிதாக்கும் முறையைத் தேர்ந்தெடுக்கும் Resample பெட்டியில் மட்டும் ஏற்கெனவே என்ன இருக்கிறதோ அதையே விட்டுவிட்டு OK அழுத்துவார்கள். பெரும்பாலும் தப்பித்தும் விடுவார்கள், ஏனென்றால் வருகிற படங்களில் பாதிக்கு மேல் ஆள் முகங்கள். மாட்டிக்கொள்வது வேறு வகைப் படத்தில்.

## பைக்யூபிக்தான் எப்போதும் உசத்தி என்று நினைப்பது

என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துகிற தவறு இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் பக்கம் கல்யாணத்துக்குப் பத்தமடைப் பாயில் மணமக்கள் பெயரை நெய்து வாங்குவார்கள். ஒருவர் அந்தப் பெயரையும் ஓரத்துப் பூவேலையையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து கொண்டுவந்தார். ஒரு புள்ளிக்கு ஒரு கட்டம் என்ற கணக்கில் 150 புள்ளி அகலம், 60 புள்ளி உயரம், மொத்தம் நான்கு நிறம். நெய்கிறவர் கட்டத்தை எண்ணி எண்ணிப் போடுவதற்காக அதை ஏ3 தாளில் பெரிதாக அச்சடித்துத் தர வேண்டும். கடையில் இருந்த பையன் பைக்யூபிக்கில் பெரிதாக்கி, அச்சடித்து, லேமினேஷனும் போட்டுக் கொடுத்துவிட்டான். மறுநாள் பாய் நெய்கிற அம்மாவிடமிருந்து போன். "அண்ணாச்சி, இதுல கட்டம் எங்க இருக்கு? எல்லாம் கறை மாதிரில்லா கிடக்கு, எப்படி எண்ணுதது?"

அவர் சொன்னது சரிதான். பெரிதாக்கும்போது கம்ப்யூட்டருக்குப் பல லட்சம் புதிய புள்ளிகள் தேவைப்படுகின்றன. அவற்றுக்கு என்ன நிறம் கொடுப்பது என்பதில்தான் மூன்று முறைகளும் பிரிகின்றன. நியரஸ்ட் நெய்பர், மிக அருகில் இருக்கும் ஒரே ஒரு பழைய புள்ளியின் நிறத்தை அப்படியே எடுத்துக்கொள்ளும். பைலீனியர், சுற்றியுள்ள நான்கு புள்ளிகளைத் தூரத்துக்கு ஏற்றபடி கலந்து ஒரு நிறம் கொடுக்கும். பைக்யூபிக் பதினாறு புள்ளிகளைப் பார்த்து, ஒரு வளைகோட்டைப் பொருத்திக் கணக்கிடும்.

32 மடங்கு பெரிதாக்கினால் ஒவ்வொரு கட்டமும் 32 புள்ளி அகலமாக வர வேண்டும். நியரஸ்டில் அப்படியே வரும், ஓரமும் கத்தியால் வெட்டியது போல நேராக இருக்கும். பைலீனியரில் ஒரு கட்டத்தின் நடுவிலிருந்து அடுத்த கட்டத்தின் நடு வரைக்கும் நிறம் சரிந்துகொண்டே போகும். பக்கத்துக் கட்டம் வேறு நிறம் என்றால், கட்டத்தின் உண்மையான நிறம் அதன் நடுவில் மட்டும்தான் மிஞ்சும். தனியாக நிற்கும் ஒரு கறுப்புக் கட்டம், நடுவில் கறுத்து ஓரத்தில் கரைந்த பொட்டாகிவிடும். பைக்யூபிக்கில் சரிவு கொஞ்சம் செங்குத்தாக இருக்கும், அவ்வளவுதான். எண்ணுவதற்கு அதுவும் உதவாது.

லேமினேஷனோடு தாள் வீண். அதைவிட, முகூர்த்த நாள் நெருங்கும்போது நெசவு ஒரு நாள் நின்றுபோனதுதான் பெரிய நஷ்டம். பையனைக் கேட்டால், "பைக்யூபிக்தானே அண்ணாச்சி குவாலிட்டி" என்கிறான். போட்டோவுக்குச் சொன்னதை எல்லாவற்றுக்கும் சொன்னதாக எடுத்துக்கொண்டதால் வந்த வினை இது.

அச்சுக்கு அனுப்பும் முன்பே இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பெரிதாக்கிய படத்தில் எத்தனை நிறம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கட்டளை தட்டிப் படங்களை மாற்றும் இமேஜ்மேஜிக் மென்பொருள் இருந்தால் இரண்டே வரி:

```
magick pai.png -sample 3200% pai-big.png
magick identify -format "%k\n" pai-big.png
```

முதல் வரி நியரஸ்ட் முறையில் 32 மடங்காக்கும். இரண்டாவது வரி நிறங்களை எண்ணும். நான்கு என்று வந்தால் சரி. அதற்கு மேல் வந்தால் எங்கோ கலப்பு நடந்திருக்கிறது. ஜேபெக்கில் சேமித்தாலும் இந்த எண்ணிக்கை ஏறிவிடும், அதனால் பிஎன்ஜி மட்டும்.

போட்டோஷாப்பில் இந்த முறையின் பெயர் Nearest Neighbor (hard edges). கிம்பில் None என்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டு "ஒன்றுமே செய்யாது போல" என்று தாண்டிப் போகிறவர்கள் உண்டு.

## நியரஸ்டைப் போட்டுவிட்டு முழு எண்ணை மறப்பது

அதே பாய் டிசைனை போனில் பார்க்க 400 புள்ளி அகலத்துக்கு மாற்றுகிறீர்கள் என்று வையுங்கள். 400-ஐ 150-ஆல் வகுத்தால் 2.67 மடங்கு. புள்ளியை அரைகுறையாக வைக்க முடியாது, அதனால் 100 கட்டம் மூன்று புள்ளி அகலமும் 50 கட்டம் இரண்டு புள்ளி அகலமுமாக வரும். பெயரில் ஒரு எழுத்தின் கால் தடித்தும் அடுத்த எழுத்தின் கால் மெலிந்தும் தெரியும். வரைந்தவர் மேல் பழி போடுவார்கள்.

450 என்று வைத்தால் சரியாக மூன்று மடங்கு, சிக்கல் இல்லை. மடங்கு பெரிதாகப் பெரிதாக இந்தக் கோணல் கண்ணுக்குத் தெரியாமல் போகும்; 33.07 மடங்கில் யாரும் கவனிக்கப் போவதில்லை. ஆனாலும் நான் ஏ3-க்கு 300 டிபிஐயில் 32 மடங்குதான் வைக்கிறேன். 4800 புள்ளி, அதாவது 406 மில்லிமீட்டர். 420 மில்லிமீட்டர் தாளில் இரு பக்கமும் ஓரம் விட இடமும் கிடைக்கிறது. அப்புறம் பிரிண்ட் கொடுக்கும்போது 'தாளுக்குப் பொருத்து' என்பதை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் பிரிண்டர் தன் இஷ்டத்துக்கு இன்னொரு முறை அளவை மாற்றும்.

## போட்டோவுக்கு நியரஸ்ட்

வேண்டாம். மூக்கு படிக்கட்டாகிவிடும்.

## பைக்யூபிக் போடும் ஓரக்கோட்டைக் கவனிக்காமல் ஷார்ப்பன் செய்வது

தாமிரபரணியில் வெள்ளம் வரும்போது குறுக்குத்துறை முருகன் கோயிலைப் போனில் எடுத்துப் பெரிதாகக் கேட்பவர்கள் நிறைய. இதற்குப் பைக்யூபிக்தான் பொருத்தம். கல் வரிகளும் தண்ணீரின் சுழிப்பும் பைலீனியரில் மழுங்குகிற அளவுக்கு இதில் மழுங்காது.

ஆனால் கல்லும் வானமும் சந்திக்கும் விளிம்பில் இது ஒரு வேலை செய்யும். கல்லின் வெளிச்சம் 50, வானம் 200 என்று கொள்ளுங்கள். விளிம்பை ஒட்டி வானத்துக்குள் இருக்கும் இரண்டு 200-களுக்குச் சரிநடுவில் ஒரு புதிய புள்ளி வந்தால், பைலீனியர் 200 என்றே சொல்லும். பைக்யூபிக்கில் பரவலாக உள்ள ஒரு வகை, தள்ளியிருக்கும் 50-ஐயும் பார்த்து, வளைகோட்டை மேலே தூக்கி 209 என்று சொல்லும். கல் பக்கம் அதுவே 50-க்குப் பதில் 41 ஆகும். அதாவது விளிம்பை ஒட்டி வானத்தில் ஒரு வெளிர் கோடும் கல்லில் ஒரு இருண்ட கோடும் விழும்.

இந்த அளவு நல்லதுதான், படம் கூர்மையாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். அதன் மேல் ஷார்ப்பனைத் தாராளமாக ஓட்டும்போதுதான் கோபுரத்தைச் சுற்றி ஒளிவட்டம் வந்துவிடுகிறது. கோபுரத்துக்கு ஒளிவட்டம் பக்தியாக இருக்கிறதே என்று ஒருவர் சொன்னார். நான் திரும்ப அடித்துக் கொடுத்தேன்.

விளிம்பை நூறு சதவீதத்தில் வைத்துப் பாருங்கள். ஷார்ப்பனுக்கு முன்பே கோடு தெரிந்தால் பைலீனியருக்கு மாறலாம். அது சுற்றியுள்ள மதிப்புகளைத் தாண்டிப் போகவே போகாது. வாட்ஸ்அப்பில் பல கை மாறிக் கட்டம் கட்டமாகிப்போன முகங்களுக்கும் நான் பைலீனியரையே எடுக்கிறேன். பைக்யூபிக் அந்தக் கட்டங்களின் விளிம்பையும் விவரம் என்று நினைத்துத் தூக்கிக் காட்டும். பைலீனியரின் மழுங்கல் அவற்றைக் கொஞ்சம் மறைக்கும்.

## கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை பெரிதாக்குவது

ஒவ்வொரு தடவையும் முந்தின மழுங்கலின் மேல் இன்னொரு மழுங்கல். மூலப் படத்திலிருந்து ஒரே தடவையில் தேவையான அளவுக்குப் போங்கள்.