அப்புச்சிக்கும் பேரனுக்கும் ஒரே பாட்டு: ரிசப்ஷன் கச்சேரியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஆவணி மாதம் ஓமலூர் ரோட்டில் ஒரு ரிசப்ஷனுக்குப் போயிருந்தேன். மேடையில் புதுசாக ஆர்கெஸ்ட்ரா ஆரம்பித்த பையன்கள். முதல் வரிசையில் வேட்டி கட்டிய பெரியவர்கள், பின்னால் ஃபோனும் கையுமாகக் கல்லூரிப் பிள்ளைகள். பையன்கள் எடுத்துவிட்டது 'பொன்மகள் வந்தாள்' ரீமிக்ஸ். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இதே பாட்டை, இதே கூட்டத்துக்கு, இதே நம்பிக்கையோடு 2008இல் நானும் போட்டிருக்கிறேன்.

சேலத்தில் இருபது வருஷமாகக் கீபோர்டு வாசிக்கிறேன். சோகப் பாட்டு போடாதே, மாப்பிள்ளை பெயரைத் தப்பாகச் சொல்லாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை விட்டுவிடுகிறேன்.

ரீமிக்ஸ் போட்டால் ரெண்டு பக்கமும் சந்தோஷப்படும் என்று நினைப்பது

கணக்கு பார்க்க நன்றாகத்தான் இருக்கும். பாட்டு பழசு, அதனால் பெரியவர்களுக்குப் பிடிக்கும். அடி புதுசு, அதனால் சின்னவர்களுக்குப் பிடிக்கும். நானும் அப்படித்தான் நினைத்தேன். பெண்ணின் அப்புச்சி சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்பிய பாட்டு அது. நாங்கள் ரீமிக்ஸ் டிராக்கைப் போட்டு அதன்மேல் வாசித்தோம். இரண்டு நிமிஷம் பொறுத்துப் பார்த்தவர் மேடைக்கு அருகே வந்து, "ஏங் கண்ணு, டி.எம்.எஸ். எங்க போனாரு?" என்று கேட்டார். மைக்கில் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. பின்னால் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள், ஆனால் ஆட வரவில்லை. பேசிய தொகையில் ஐயாயிரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அதுகூடப் பரவாயில்லை. அந்தக் குடும்பத்தில் அடுத்து நடந்த இரண்டு கல்யாணத்துக்கும் வேறு குழு போனது.

ஏன் இப்படி ஆகிறது என்று பிறகுதான் யோசித்தேன். பெரியவர்கள் ஒரு பாட்டை அடையாளம் கண்டுகொள்வது அதன் முன்னிசையை வைத்து, குரலை வைத்து, அப்புறம் பல்லவி நடக்கும் வேகத்தை வைத்து. ரீமிக்ஸ் பெரும்பாலும் இந்த மூன்றிலும் கைவைத்துவிடும். சரணத்துக்காக அவர்கள் மூச்சை இழுத்துக் காத்திருக்கும்போது அந்த இடத்தில் வேறு ஏதோ வந்து நிற்கும். கூடப் பாட வந்தவரை வாசலிலேயே நிறுத்திய மாதிரி.

சரி, சின்னவர்களாவது? 'பொன்மகள் வந்தாள்' அசல் 1970இல் 'சொர்க்கம்' படத்தில் வந்தது. ரீமிக்ஸ் 'அழகிய தமிழ்மகன்' படத்தில், 2007இல். 'தொட்டால் பூ மலரும்' 1964இல் 'படகோட்டி', ரீமிக்ஸ் 2004இல் 'நியூ'. இன்று பதினாறு வயசு இருக்கிற பையன் அந்த ரீமிக்ஸ்கள் வந்தபோது பிறக்கவே இல்லை. நமக்குத்தான் அது புதுசு. அவனுக்கு அதுவும் மாமா காலத்துப் பாட்டு. இதை நான் ஒவ்வொரு புதுக் குழுவிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். தலையாட்டிவிட்டு மேடையில் அதையேதான் போடுகிறார்கள்.

நாங்கள் இப்போது அசலையே வாசிக்கிறோம். முன்னிசையை ஒரு ஸ்வரம் விடாமல் வாசிப்போம், அங்கேயே பெரியவர்கள் நிமிர்ந்துவிடுவார்கள். முதல் சரணம் முடியும்வரை பேடில் கூடுதலாக ஒரு அடிகூடக் கிடையாது. இரண்டாவது சரணத்துக்கு முந்திய இடையிசையில் குரலை நிறுத்திவிட்டு தவிலையும் டிரம்ஸையும் பதினாறு சுற்று விடுவோம். ஆட நினைக்கிற பிள்ளைகள் முன்னால் வர அந்த நேரம் போதும். பிறகு கைகாட்டியதும் தாளம் மொத்தமும் நிற்கும், பல்லவி மட்டும் கைதட்டலோடு வரும். அந்த இடத்தில் இரண்டு பக்கமும் பாடும். பெரியவர்களின் பாட்டில் ஒரு வரியும் மாறவில்லை, பிள்ளைகளுக்கும் ஆட இடம் கிடைத்தது.

டிஜே மட்டும்தான் என்றால், அசலைப் போட்டுவிட்டு ஏறக்குறைய அதே வேகத்தில் இருக்கும் புதுப் பாட்டுக்குத் தாவுங்கள். சிங்க் பட்டனை நம்ப வேண்டாம். பழைய பாட்டுகளில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து வாசித்திருப்பதால் தாளம் இம்மி ஏறும், இம்மி இறங்கும். எந்திரத் தாளத்தோடு சேர்த்தால் பத்து விநாடியில் கால் இடறும். பல்லவி முடிந்ததும் கூட்டத்தின் கைதட்டலை இரண்டு சுற்று ஓடவிட்டு அதன்மேல் புதுசை விடுங்கள்.

பாட்டு எடுபடுகிறதா என்று கைதட்டலை வைத்துச் சொல்ல முடியாது, மரியாதைக்கும் தட்டுவார்கள். முதல் வரிசையின் உதடுகளைப் பாருங்கள். அசைந்தால் சரி.

'ராக்கம்மா'வை நடுவில் வெட்டுவது

'தளபதி' படத்து 'ராக்கம்மா கையத் தட்டு' ஏறக்குறைய ஏழு நிமிஷம். நீளம் என்று நடுவில் வரும் தேவாரத்தை வெட்டிவிடுகிறார்கள். அது அப்பர் தில்லைக் கூத்தனைப் பாடிய 'குனித்த புருவமும்'. அந்த இடத்தில்தான் பாட்டிகள் கைகூப்புவார்கள், ஓதத் தெரிந்தவர் வாய்விட்டே ஓதுவார். ஆடிய பிள்ளைகள் மூச்சு வாங்கிக்கொண்டு, தாளம் திரும்பி வருவதற்காகக் காத்து நிற்பார்கள். 1991இல் வந்த பாட்டு, இன்றும் இதை மிஞ்ச எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. வெட்டுவதாக இருந்தால் போடவே வேண்டாம்.

பாட்டை அறிமுகப்படுத்தாமல் தொடங்குவது

'மாசிலா உண்மைக் காதலே' சும்மா போட்டால் பிள்ளைகள் ஃபோனில் இருந்து தலை தூக்க மாட்டார்கள். அதே பாட்டுக்கு முன்னால், "ஏற்காடு ரோட்டில் நின்னு செல்ஃபி எடுக்கிறீங்களே, அந்த மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு, அந்த ஸ்டுடியோ 1956இல் எடுத்த படத்துப் பாட்டு இது" என்று ஒரு வரி சொல்லுங்கள். 'அலிபாபாவும் 40 திருடர்களும்' தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். சேலத்துக் கல்யாணத்தில் இந்த வரிக்குப் பிறகு, அந்தக் காலத்தில் ஷூட்டிங் பார்த்த கதையோடு யாராவது ஒரு தாத்தா எழுந்துவிடுவார். அவரிடம் மைக்கைக் கொடுங்கள். பாடவும் ஆசைப்பட்டால் சுருதியை ஒரு கட்டையாவது இறக்கிவிட்டுக் கொடுங்கள். ஏ.எம்.ராஜாவின் சுருதியில் எழுபது வயதுக்காரர் திணறுவது பார்க்க நன்றாக இருக்காது.

பேஸ் பாக்ஸை முதல் வரிசைக்கு முன்னால் வைப்பது

காதில் மிஷின் வைத்தவர்கள் உட்காரும் இடம் அது. ஓரத்துக்குத் தள்ளுங்கள். அப்புறம், பழைய பதிவுகள் சத்தம் குறைவானவை. மிக்சரில் முன்கூட்டியே ஏற்றி வைக்காவிட்டால், அடுத்து வரும் புதுப் பாட்டு கன்னத்தில் அறைந்த மாதிரி விழும்.

'கொலவெறி'

தாளம் ஜோர். ஆனால் அது காதல் தோல்விப் பாட்டு, மாப்பிள்ளை மேடையில் நிற்கிறார்.

குத்துப் பாட்டை ஒன்பதரைக்கு மேல் ஒதுக்குவது

பத்து மணிக்கு ஸ்பீக்கர் நின்றாக வேண்டும்.

ஏற்காட்டிலும் சேலத்துக் கணக்கையே போடுவது

மலை மேல் ரிசப்ஷன் என்றால் எட்டு மணிக்குள் பெரியவர்கள் ஸ்வெட்டரைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். பனி இறங்குவதற்குள் இருபது கொண்டை ஊசி வளைவையும் தாண்டிவிட வேண்டும் என்று வேன் டிரைவர் வாசலில் நிற்பார். கீழே எட்டரைக்குப் போடும் 'ராக்கம்மா'வை அங்கே ஏழுக்கே போட்டுவிடுவேன். ஈரக் காற்றில் தபேலா, டோலக் தோல் தளர்ந்து சுருதி இறங்கும் என்பதால் கச்சேரி தொடங்கும்வரை அவற்றை மேடையில் வைக்க விடுவதில்லை. சமையல்கட்டுப் பக்கம், அடுப்புச் சூடு படுகிற சுவர் ஓரமாக ஒரு பெஞ்ச் கேட்டு வாங்கிக்கொள்வோம்.