பாதி போனால் இரண்டு மடங்கு வேண்டும்: கட் லாஸ் வைப்பதில் நேரும் தவறுகள்

20,000 வெள்ளி முதலீடு 10,000 ஆகிவிட்டால் நட்டம் 50 விழுக்காடு. மிஞ்சிய பத்தாயிரத்தை மறுபடி இருபதாயிரம் ஆக்கவோ 100 விழுக்காடு லாபம் வேண்டும். நட்டத்தைக் கணக்கிட்டது பெரிய தொகையின் மேல். லாபம் வர வேண்டியது சுருங்கிப்போன தொகையிலிருந்து. சூத்திரம் இதுதான்:

```
தேவையான லாபம் % = நட்டம் % ÷ (100 − நட்டம் %) × 100
```

10 விழுக்காடு இழந்தால் 11 போதும். 20 இழந்தால் 25. அதுவரை இரண்டும் அருகருகே வருகின்றன. 50-க்கு 100, 75-க்கு 300 என்று பிறகு எகிறிவிடுகிறது. கோலாலம்பூர் பங்குச் சந்தைக் குறியீடு 1997 பிப்ரவரியில் 1,271 புள்ளிகளில் இருந்தது. 1998 செப்டம்பர் 1 அன்று 262-க்கு இறங்கியது. ஏறக்குறைய 79 விழுக்காடு சரிவு. பழைய இடத்துக்கு வர 380 விழுக்காட்டுக்கும் மேல் ஏற வேண்டியிருந்தது, அதற்கு 2007 வரை ஆனது.

காலத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஆண்டுக்கு 6 விழுக்காடு கூட்டு வளர்ச்சி கிடைத்தால், 20 விழுக்காடு நட்டத்தை மீட்க நான்கு ஆண்டு போதும். 50 விழுக்காட்டை மீட்க ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டு.

விலை பாதியானதும் மேலும் வாங்குவது

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். 20,000 வெள்ளிக் கணக்கில், 2 வெள்ளி விலையில் 2,000 பங்கு வாங்குகிறீர்கள், செலவு 4,000. விலை 1 வெள்ளிக்கு இறங்குகிறது. இன்னும் 4,000 வெள்ளி போட்டு 4,000 பங்கு வாங்கினால் சராசரி விலை 1.33. இனி 100 விழுக்காடு ஏற வேண்டாம், 33 போதும் என்று மனம் ஆறுதல் அடையும். ஆனால் அந்த 33-ஐ வாங்கக் கொடுத்த விலை, ஒரே பங்கில் இன்னொரு 4,000 வெள்ளி. விலை 60 சென்னுக்குப் போனால் நட்டம் 4,400 வெள்ளி, அதாவது மொத்தக் கணக்கில் 22 விழுக்காடு. கூடுதலாக வாங்காமல் இருந்திருந்தால் 2,800 வெள்ளி, 14 விழுக்காடு. மீள்வதற்கு முன்னதில் 28 விழுக்காடு லாபம் வேண்டும், பின்னதில் 16.

பங்கின் விலையை மட்டும் பார்த்து எல்லை வைப்பது

‘10 விழுக்காடு இறங்கினால் விற்றுவிடுவேன்’ என்பது பாதி எல்லைதான். கணக்கில் எவ்வளவு போகலாம் என்பதிலிருந்து தொடங்குங்கள். ஒரு வாங்கலில் 1 விழுக்காடு, அதாவது 200 வெள்ளி போகலாம் என்று வைத்துக்கொள்வோம். வாங்கும் விலை 1.60, நட்டத்தை நிறுத்த விற்றுவிடும் விலையான கட் லாஸ் 1.44, ஒரு பங்குக்கு 16 சென் ஆபத்து. 200-ஐ 0.16-ஆல் வகுத்தால் 1,250. பொதுவாக நூறு நூறாக வாங்குவதால் 1,200 பங்கு, 1,920 வெள்ளி.

குறித்த விலையிலேயே விற்றுவிடலாம் என்றும் நம்ப வேண்டாம். மோசமான காலாண்டு அறிக்கை இரவில் வந்தால், காலையில் சந்தை 1.44-ஐத் தாண்டிக் கீழேயே திறக்கும். 1 வெள்ளியும் அதற்கு மேலும் உள்ள பங்குகள் புர்சாவில் ஒரே நாளில் 30 விழுக்காடு வரை இறங்கலாம். அப்படி நடந்தால் நட்டம் 576 வெள்ளி, கணக்கில் 3 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. தாங்கலாம். முழு 20,000-ஐயும் அதே பங்கில் போட்டிருந்தால் ஒரே காலையில் 6,000 போயிருக்கும். மீள 43 விழுக்காடு வேண்டும்.

பாயான் லெப்பாஸ் வட்டாரத்தில் வேலை செய்பவர்கள், தங்களுக்குத் தெரிந்த துறை என்று ஐந்து சிப் நிறுவனப் பங்குகளை வாங்கி வைத்திருந்தால், இந்த 1 விழுக்காட்டை ஐந்துக்கும் சேர்த்தே வைக்க வேண்டும். துறை சரியும்போது ஐந்தும் சேர்ந்தே சரியும்.

விட்டதைப் பிடிக்கத் தொகையை ஏற்றுவது

தொடர்ந்து பத்து முறை தோற்றால், ஒவ்வொரு முறையும் இருப்பில் 1 விழுக்காடு இழப்பவர் மொத்தம் 10 விழுக்காட்டை ஒட்டி இழப்பார். 5 விழுக்காடு இழப்பவர் 40 இழப்பார். அவர் மீள 67 வேண்டும். தோல்விக்குப் பின் தொகையை ஏற்றுவது, முதல் ஆளை இரண்டாம் ஆளாக மாற்றிவிடும். நாங்கள் சொல்வது நேர் எதிர்: கணக்கு 10 விழுக்காடு இறங்கினால் ஒவ்வொரு வாங்கலின் ஆபத்தையும் பாதியாக்குங்கள். 20 இறங்கினால் புதிதாக வாங்குவதை நிறுத்துங்கள். மீளும் வேகம் குறையும், உண்மைதான். ஆனால் 25 விழுக்காடு என்பது இன்னும் எட்டக்கூடிய தூரம்.

இந்தச் சரிவை, கணக்கு தொட்ட உச்சத் தொகையிலிருந்து அளக்க வேண்டும். சம்பளத்திலிருந்து புதிதாகப் போட்ட பணத்தைக் கழித்துவிட்டு அளக்க வேண்டும். 20,000 இறங்கி 16,000 ஆன பிறகு 4,000 போட்டால் திரையில் மறுபடி 20,000 தெரியும். 20 விழுக்காடு நட்டம் அப்படியேதான் இருக்கிறது, வாங்குவதை நிறுத்த வேண்டிய எல்லையும் வந்துவிட்டது.