ரேகை வைக்கும் முன் தொகையைப் பாருங்கள்: ஊர் வங்கி முகவரிடம் பணம் எடுப்பதும் போடுவதும்

என் அத்தை நூறு நாள் வேலைச் சம்பளத்தை எடுக்க ஊர் முனையில் உள்ள கடைக்குத்தான் போவார். வங்கிக் கிளைக்குப் பஸ் ஏறிப் போய் வந்தால் அரை நாள் போய்விடும். ஒருமுறை கிளையில் பாஸ்புக்கில் வரி போட்டபோது, இரண்டு மாதங்களுக்கு முன்னால் ஒரே நாளில் இரண்டு தடவை 2,000 ரூபாய் எடுக்கப்பட்டிருந்தது தெரிந்தது. அத்தை கைக்கு வந்தது ஒரே ஒரு 2,000. "மெஷின் பிடிக்கல, இன்னொரு தடவ வைங்கன்னான். வெச்சேன்" என்றார். சீட்டு ஒன்றுகூட அவரிடம் இல்லை. அதனால் அது மெஷின் கோளாறா, கடைக்காரர் எடுத்துக்கொண்டாரா என்று எங்களால் கடைசிவரை நிரூபிக்க முடியவில்லை. அந்த ஆத்திரத்தில் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதலில், பணம் எங்கிருந்து எங்கே போகிறது?

2006ஆம் ஆண்டு முதல், கிளை இல்லாத ஊர்களில் முகவர் வைத்துக்கொள்ள வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி அனுமதி கொடுத்திருக்கிறது. பேங்க் மித்ரா, வங்கி முகவர், சிஎஸ்பி என்று ஊருக்கு ஒரு பெயர். ஆதாரோடு இணைந்த கணக்கு எந்த வங்கியில் இருந்தாலும் ரேகை வைத்துப் பணம் எடுக்கலாம். இந்த முறைக்கு ஏஇபிஎஸ் என்று பெயர். இதற்குத் தேவை ஆதார் எண், வங்கியின் பெயர், உங்கள் விரல் ஆகிய மூன்றும்தான். அட்டை வேண்டாம், பின் நம்பர் வேண்டாம், ஓடிபியும் வராது. ஆகவே விரலை வைத்த நொடியே நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்று பொருள்.

முகவருக்கும் அந்த மெஷினோடு சேர்ந்த கணக்கு ஒன்று உண்டு. நீங்கள் 2,000 எடுத்தால் உங்கள் கணக்கில் 2,000 குறைந்து அவர் கணக்கில் ஏறும். அதற்கு ஈடாகத் தன் கல்லாவில் இருந்து உங்களுக்கு நோட்டாகத் தருகிறார். பணம் போடும்போது இது தலைகீழ். நோட்டு அவர் கல்லாவுக்குப் போகும், அவர் கணக்கில் குறைந்து உங்கள் கணக்கில் ஏறும். ஏமாற்று எங்கே நடக்கும், எப்படிக் கண்டுபிடிப்பது என்பதெல்லாம் இதைப் புரிந்துகொண்டாலே பாதி விளங்கிவிடும்.

பணம் எடுக்கும் முறை

1. வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான வங்கிகளில், கணக்கோடு இணைத்த செல்போனில் இருந்து மிஸ்டு கால் கொடுத்தால் இருப்பு எஸ்எம்எஸ்ஸில் வரும். கடையில் இருப்புப் பார்க்கவும் ரேகை வைக்க வேண்டியிருக்கும். "பேலன்ஸ் பார்க்கத்தான்" என்று சொல்லி விரலை வாங்கி, திரையில் பணம் எடுப்பதை அழுத்திவிடுவது பழைய தந்திரம். வீட்டிலேயே பார்த்துவிட்டால் அந்த ஒரு ரேகை மிச்சம்.

2. கடையில் வங்கியின் பெயர்ப் பலகையும் முகவரின் அடையாள அட்டையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவர் எந்தக் கிளையின் கீழ் வருகிறார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

3. தொகையை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு தடவைக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய்தான் எடுக்க முடியும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை எடுக்கலாம் என்பதில் வங்கிக்கு வங்கி கட்டுப்பாடு வேறுபடும்.

4. திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். `Cash Withdrawal` என்று இருக்கிறதா, வங்கி சரியா, தொகை சரியா என்று பாருங்கள். எழுத்துப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் எண் தெரியும். 2000 என்பதற்குப் பதில் 5000 என்று இருந்தால் கண்ணில் பட்டுவிடும். தொகை தெரியாத திரைக்கு விரல் கொடுக்காதீர்கள்.

5. இப்போது விரலை வையுங்கள். ரேகைக் கருவியில் விளக்கு எரியும்போது உங்கள் ரேகை படிக்கப்படுகிறது. பதில் வரும் முன்னே விளக்கு மறுபடி எரிந்தால் விரலை எடுத்துவிட்டு ஏன் என்று கேளுங்கள்.

6. `Success` என்று வந்ததும் சீட்டையும் பணத்தையும் ஒன்றாக வாங்குங்கள். அங்கேயே எண்ணுங்கள்.

முகவருக்கு வங்கியே கமிஷன் கொடுக்கிறது. ஆயிரத்துக்கு இருபது, ஐம்பது என்று கையில் கேட்டால் கட்டணப் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். அந்தப் பட்டியலைக் கடையில் ஒட்டியிருக்க வேண்டும்.

"பிடிக்கல, இன்னொரு தடவ வைங்க"

அத்தை விழுந்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ரேகை பிடிக்காமல் போவது உண்மையிலேயே நடக்கும். களை பறித்து, பாத்திரம் தேய்த்து விரல் தேய்ந்திருக்கும். கையில் எண்ணெயோ மண்ணோ இருக்கும். கையைக் கழுவி ஈரம் போகத் துடைத்து, கருவியின் கண்ணாடியையும் துடைக்கச் சொல்லி, வேறு விரலை வைத்துப் பாருங்கள். ஆதாருக்குப் பத்து விரலும் பதிந்திருப்பதால் எந்த விரலும் செல்லும்.

ஆனால் தோல்வியில் இரண்டு வகை உண்டு. ரேகை பொருந்தாமல் போனால் பணம் நகர்ந்திருக்காது. ரேகை பொருந்தி, இணைப்பு பாதியில் அறுந்தால் உங்கள் கணக்கில் பணம் குறைந்துவிட்டிருக்கும், கடை மெஷினுக்குப் பதில் வந்திருக்காது. இது எது என்று பார்க்காமல் இரண்டாம் முறை விரல் வைத்தால் பணம் இரண்டு தடவை போகலாம். நல்ல கடைக்காரரிடமும் இது நடக்கும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வீட்டில் பார்த்தபோது இருப்பு 6,420. கடையில் 2,000 கேட்டு விரல் வைத்தீர்கள். "ஃபெயில் ஆயிடுச்சு" என்கிறார். உடனே அந்தத் தோல்விக்கான சீட்டைக் கேளுங்கள். தோல்விக்கும் சீட்டு உண்டு. பிறகு உங்கள் செல்லில் இருந்தே மிஸ்டு கால் கொடுங்கள். 6,420 என்று வந்தால் பணம் போகவில்லை, மறுபடி விரல் வைக்கலாம். 4,420 என்று வந்தால் அன்றைக்கு இனி விரல் வைக்காதீர்கள். செல் இல்லையென்றால் திரையில் `Balance Enquiry` என்று கண்ணால் பார்த்தபிறகு மட்டும் ஒருமுறை ரேகை கொடுங்கள்.

4,420 என்றால் என்ன செய்வது? தோல்விச் சீட்டோடு உங்கள் வங்கிக் கிளையில் எழுதிக் கொடுங்கள். இப்படி அறுந்துபோன பரிவர்த்தனையை ஐந்து நாட்களுக்குள் சரிசெய்ய வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டிருக்கிறது. கிளையில் பார்க்கும்போது அந்தப் பரிவர்த்தனை வெற்றி என்று இருந்தால், பணம் முகவரின் கணக்குக்குப் போயிருக்கிறது என்று அர்த்தம். அப்போது புகாரின் தன்மையே வேறு. அவர் நோட்டைக் கொடுக்கவில்லை என்று தெளிவாக எழுதுங்கள்.

சீட்டில் என்ன இருக்க வேண்டும்?

தேதியும் நேரமும், பணம் எடுத்ததா போட்டதா என்ற விவரம், தொகை, வெற்றியா தோல்வியா, மீதி இருப்பு, ஆதாரின் கடைசி நான்கு எண்கள், முகவர் அல்லது மெஷினின் அடையாள எண். இவற்றைவிட முக்கியமானது `RRN` என்று அச்சாகும் பன்னிரண்டு இலக்க எண். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஒன்று உண்டு. வங்கிக்காரர்கள் தேடுவது அதை வைத்துத்தான். அத்தையின் புகாரில் அந்த எண் இல்லாததால்தான் நாங்கள் வாய் வார்த்தையோடு நின்றோம்.

"பேப்பர் ரோல் தீந்துபோச்சு" என்றால் திரையில் வந்த சீட்டை உங்கள் செல்லில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பத்தாளில் அச்சாகும் எழுத்து சில மாதங்களில் வெளுத்துவிடும், அதனால் போட்டோ எப்படியும் நல்லது. கையால் எழுதிய துண்டுச்சீட்டு செல்லாது.

பணம் போடும்போது

போடுவதற்கு உங்கள் வங்கியின் சொந்த முகவரிடமே போங்கள். மற்ற கடைகளில் அதைப் பணம் அனுப்பும் சேவையாகச் செய்து கட்டணம் பிடிப்பார்கள்.

திரையில் உங்கள் பெயரும் தொகையும் சரியாக வந்தபின் நோட்டைக் கொடுங்கள். உங்கள் எதிரிலேயே எண்ணட்டும். அச்சிட்ட சீட்டு வரும்வரை நகராதீர்கள். புது இருப்பு அதில் இருக்கும்.

"இன்னைக்கு என் ஐடியில பேலன்ஸ் இல்ல, வெச்சிட்டுப் போங்க, சாயங்காலம் ஏத்திடுறேன்" என்று சொல்வது உண்மையாகக்கூட இருக்கலாம். முதலில் சொன்னபடி, அவர் கணக்கில் பணம் இருந்தால்தான் உங்களுக்கு ஏற்ற முடியும். உண்மையோ பொய்யோ, பணத்தை வைத்துவிட்டு வராதீர்கள். கணக்கில் ஏறாதவரை அது அவருக்கு நீங்கள் கொடுத்த கைமாற்று, வங்கிக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. பாஸ்புக்கில் பேனாவால் எழுதிக் கொடுப்பதும் அப்படியே. மகளிர் குழுப் பணம் கொண்டுபோகிறவர்கள் இதில் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும்.

ரேகையைப் பூட்டி வைப்பது

பத்திரப் பதிவு ஆவணங்களில் இருந்த ரேகையை எடுத்து, சிலிகானில் அச்சு செய்து, ஆள் இல்லாமலேயே பணம் எடுத்த வழக்குகள் நாட்டில் பதிவாகியிருக்கின்றன. ஆதார் எண்ணும் ரேகையும் ஒரே தாளில் கிடைப்பதுதான் ஆபத்து. நகல் கேட்கும் இடங்களில் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரைக் கொடுங்கள்.

இதைவிடப் பலமான காவல், ரேகையைப் பூட்டுவது. `mAadhaar` செயலியிலோ `myaadhaar.uidai.gov.in` தளத்திலோ ஓடிபி கொடுத்துச் செய்யலாம், கட்டணம் இல்லை. பூட்டியபின் யார் வைத்தாலும், நீங்களே வைத்தாலும், ரேகை ஏற்கப்படாது. பணம் எடுக்கும் நேரத்தில் தற்காலிகமாகத் திறந்தால் சிறிது நேரத்தில் தானே பூட்டிக்கொள்ளும். இதற்கு ஆதாரோடு செல்போன் எண் இணைந்திருக்க வேண்டும். வங்கியில் எண் கொடுத்திருப்பது வேறு, ஆதாரில் கொடுத்திருப்பது வேறு. இரண்டையும் தனித்தனியாகச் சரிபாருங்கள். இன்னொன்று: பூட்டியிருந்தால் ரேஷன் கடையிலும் ரேகை விழாது. தனியாக இருக்கும் வயதானவர்களுக்குப் பூட்டிவிட்டால் திறக்க ஆள் இருக்கிறதா என்று யோசித்துவிட்டுச் செய்யுங்கள். அத்தைக்கு நான் பூட்டவில்லை. வங்கியில் இருந்த பழைய எண்ணை மாற்றி, எஸ்எம்எஸ் என் தங்கை செல்லுக்கு வரும்படி செய்திருக்கிறோம்.

எடுக்காத பணம் போய்விட்டால்

அன்றைக்கே வங்கிக்குச் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். உங்கள் தவறு இல்லாமல் வெளியார் எடுத்தது என்றால், தகவல் வந்த நாளை விட்டு மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னவருக்கு நஷ்டம் இல்லை என்பது 2017இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதி. கூடவே 1930 என்ற எண்ணுக்கு அழைத்துச் சைபர் புகாரும் பதியுங்கள். `myaadhaar` தளத்தில் கடந்த ஆறு மாதங்களில் உங்கள் ஆதார் எங்கெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியல் கிடைக்கும், அதையும் புகாரோடு வையுங்கள். வங்கி முப்பது நாட்களில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு `cms.rbi.org.in` தளத்தில் எழுதலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.